ஆறு சதவீத நீலம்

மாரிசாமிக்கும் அவர் தம்பிக்கும் பாகம் பிரிந்தபோது பட்டாசு ஆலை மாரிசாமிக்கு வந்தது, ஆட்டுக்கிடா தம்பிக்குப் போனது. கிடா என்றால் தீவனம் தின்கிற கிடா இல்லை. முப்பது வருஷமாக எம். புதுப்பட்டியிலிருந்து லாரி ஏறிய ஒவ்வொரு வெடிப்பெட்டியின் மேலும் கொம்பைத் திருப்பிக்கொண்டு நின்ற கிடா. ஆலையையும் நிலத்தையும் பிரிக்க அரை நாள்கூட ஆகவில்லையாம், அந்தப் படம் யாருக்கு என்பதில்தான் பஞ்சாயத்து மூன்று நாள் இழுத்ததாம். கடைசியில் மாரிசாமி ரோஷப்பட்டுக் கிடாவை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, நிலையில் கட்டித் தொங்கிய எலுமிச்சம்பழத்தை அண்ணாந்து பார்த்து, "இனிமே நம்ம மார்க்கு இதுதான்" என்றாராம். கோபத்தில் எடுத்த முடிவு என்றாலும் கெட்ட முடிவு இல்லை. எலுமிச்சம்பழத்தை யாரும் பாகம் கேட்டு வரமாட்டார்கள்.

இது நடந்தது இரண்டாயிரத்து நான்கில். ஆகஸ்ட் மாதம், தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிற நேரம், மாரிசாமி சிவகாசியில் சொர்ணலட்சுமியின் அச்சகத்துக்கு வந்தார். புஸ்வாணப் பெட்டிக்கான லேபிளில் எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும். அதே கருநீல ராத்திரி வானம், அதே பூப்பொறி, அதே கறுப்பு எழுத்து. கிடா நின்ற இடத்தில் எலுமிச்சம்பழம் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

"லோகோ மட்டுந்தான மாறுது. புரூப் கீப்புன்னு நாளைக் கடத்தாதீக" என்றார் மாரிசாமி.

சொர்ணலட்சுமியும் சரி என்றாள். புருஷன் போன பிறகு எட்டு வருஷமாக அச்சகத்தைத் தனியாக நடத்துகிறவள். வேலை எத்தனை நாளில் முடியும் என்று தாளைத் தொட்டுப் பார்த்தே சொல்லுவாள். அவளுக்கும் லோகோ மட்டும்தான் மாறுவதாகத் தெரிந்தது. அச்சகத்தில் யாருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

லோகோவை மாற்றியவள் வேல்விழி. தாயில்பட்டிக்காரி. அவள் அம்மாவும் அக்காவும் விடிகாலை ஆலை வேனில் ஏறிப் போய் மருந்து அடைக்கிறவர்கள். சாயங்காலம் திரும்பும்போது அவர்கள் கை வெள்ளிச் சாயம் பூசினது மாதிரி இருக்கும். வேல்விழி ஆறு மாதம் டி.டி.பி. படித்துவிட்டு, நாலு வருஷமாக இந்த அச்சகத்தின் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறாள். அந்த வீட்டில் கையில் கறை இல்லாமல் சம்பாதிக்கும் முதல் ஆள். அந்த நாற்காலியை அவள் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பாள், யாரும் சொல்லாமலேயே.

எலுமிச்சம்பழத்தை அவளே வரைந்தாள். அச்சுக்குப் போகிற நிறம் நாலு மை: நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. கம்ப்யூட்டர் அந்த நீலத்துக்குச் சயான் என்று பேர் வைத்திருக்கிறது, மெஷின் பக்கம் அதை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. பழத்துக்கு மஞ்சள் நூறு, மற்ற மூன்றும் பூஜ்யம் என்று வைத்தாள். பழம் பளிச்சென்று உட்கார்ந்தது. மாரிசாமி திரையில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பழம் நல்லாருக்கு. ஆனா பட்டாசு கம்பெனிப் பழமால்ல இருக்கணும். ஒரு மினுக்கம் வேணும் பாப்பா. வெயில்ல கண்ணாடி மின்னுமே, அந்த மாதிரி."

மினுக்கத்துக்கென்றே போட்டோஷாப்பில் ஒரு பில்டர் உண்டு. வேல்விழி மெனுவைத் திறந்தாள். அந்தப் பேர் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அச்சு நிறத்தில் இருக்கும் படத்துக்கு அது வேலை செய்யாது. திரையின் நிறம் மையால் ஆனதில்லை, வெளிச்சத்தால் ஆனது. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சம். மினுக்கம் அந்த வெளிச்சக் கணக்குக்குத்தான் வரும். அதனால் என்ன? முழு லேபிளையும் அச்சு நிறத்திலிருந்து திரை நிறத்துக்கு மாற்றினாள். மினுக்கத்தைப் போட்டாள். பழத்தின் தோளில் ஒரு நட்சத்திரம் வெடித்தது. திரும்ப அச்சு நிறத்துக்கு மாற்றினாள். போக ஒரு சொடுக்கு, வர ஒரு சொடுக்கு. பஸ் ஏறி விருதுநகர் போய்விட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிற மாதிரி. ஆள் அதே ஆளாகத்தானே வருவான் என்று நினைத்தாள். அங்கேதான் தப்பு.

பிலிம் எடுத்தார்கள், நாலு மைக்கும் நாலு பிலிம். பிலிமை உலோகத் தகட்டின் மேல் வைத்து, விளக்கு காட்டிப் பிளேட் போட்டார்கள். வேலை கீழே இறங்கியது.

கீழே ஓடுவது இரண்டு நிற மெஷின். தாள் ஒரு தடவை உள்ளே போனால் இரண்டு மை ஏறும். அதனால் முதல் ஓட்டத்தில் மஞ்சளும் மெஜந்தாவும், மறு ஓட்டத்தில் நீலமும் கறுப்பும். மெஷின்மேன் ஊர்க்காவலன். ஐம்பத்திரண்டு வயசு. பேச்சு குறைவு. இருபத்தாறு வருஷமாக மெஷின் ஓட்டுகிறவர். மெஷின் சத்தத்திலேயே பாதி காது போய்விட்டதால் நாம் சொல்வது பாதிதான் அவருக்குக் கேட்கும், மீதியை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். ஐம்பது தாளுக்கு ஒருமுறை ஒன்றை உருவி, டியூப் லைட்டை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார். அந்த நடையை எல்லாரும் கேலி செய்வார்கள். தாளுக்குப் பொண்ணு பார்க்கப் போறாக என்பான் பாலகுரு. பாலகுரு அவருக்கு உதவியாள், முப்பது வயசு, கல்யாணமானவன், தனியாக மெஷின் ஓட்டும் நாளுக்காகக் காத்திருக்கிறவன்.

முதல் ஓட்டம் பதினைந்தாயிரம் தாளும் வியாழக்கிழமையே சுகமாக முடிந்தது. வெள்ளிக்கிழமை காலை மறு ஓட்டம் தொடங்கியது. முந்நூறு தாள் போயிருக்கும், மெஷின் நின்றது.

சீசனில் மெஷின் நின்றால் அந்தக் கட்டடமே மூச்சை நிறுத்தினது மாதிரி ஆகிவிடும். சொர்ணலட்சுமி ஆபீஸ் அறையிலிருந்து வந்தாள். ஊர்க்காவலன் வாசலில் தாளோடு நின்றார்.

"என்னாச்சு ஊர்க்காவலண்ணே?"

"பழத்துல நீலம் இருக்கும்மா."

சொர்ணலட்சுமி வாங்கிப் பார்த்தாள். எலுமிச்சம்பழம் மஞ்சளாகத்தான் இருந்தது. தோளில் நட்சத்திரம் மின்னியது. அவர் முதல் ஓட்டத்துத் தாள் ஒன்றைப் பக்கத்தில் பிடித்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்ததில் ஏதோ வித்தியாசம் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஒன்றில் வானமும் எழுத்தும் முழுசாக ஏறியிருக்கிறது, இன்னொன்றில் பாதிதான். எப்படி ஒரே மாதிரி தெரியும்?

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"பழம் காயாப் போச்சும்மா. நல்லாப் பாருங்க."

பாலகுருவும் பார்த்தான். அவன் உதட்டைப் பிதுக்கினான். சொர்ணலட்சுமி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். வேல்விழி இறங்கி வந்தாள். தாளைப் பார்த்தாள். அவள் வரைந்த பழம், அவள் போட்ட மினுக்கம். அழகாகத்தான் இருந்தது.

"அந்த இடத்துல நீலம் பூஜ்யம்மா. நாந்தான் போட்டேன். மஞ்சள் நூறு, வேற ஒரு மையும் கிடையாது" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவள் போட்டது பூஜ்யம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஊர்க்காவலன் மாட்டிக்கொண்டார். பிலிமில் நீலம் இல்லை என்றால் தாளில் நீலம் எங்கிருந்து வரும்? மெஷினிலிருந்துதான் வரும். தண்ணியும் மையும் சரியாக நிற்காவிட்டால் பிளேட்டில் வெறுமையாக இருக்க வேண்டிய இடத்திலும் மை மெல்லப் படரும். அது முழுக்க முழுக்க மெஷின்மேன் கோளாறு. போன வருஷம் ஒரு காலண்டர் வேலையில் ரோலரைச் சரியாகக் கழுவாமல் அப்படி ஒன்று நடந்தும் இருந்தது. கழுவியவன் பாலகுரு, கெட்ட பேர் ஊர்க்காவலனுக்கு.

"நீலம் இல்லேன்னா உங்க கண்ணுல கோளாறு, இருந்தா உங்க மெஷின்ல கோளாறு. இதுல எது அண்ணே?" என்று கேட்டாள் சொர்ணலட்சுமி.

ஊர்க்காவலன் மெஷினுக்குத் திரும்பினார். ரோலரைக் கழுவினார். தண்ணியை மாற்றினார். பிளேட்டைத் துடைத்தார். பத்துத் தாள் ஓட்டினார், வாசலுக்கு நடந்தார், திரும்பி வந்தார். மறுபடி கழுவினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மூன்று மணிக்கும் அவருடைய பதில் அதேதான்: பழத்தில் நீலம் இருக்கிறது.

சொர்ணலட்சுமி கெட்டவள் இல்லை, ஆனால் திங்கட்கிழமை லோடு ஏற வேண்டும். கத்தவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணே, நாளையிலருந்து நீங்க கட்டிங் பக்கம் இருங்க. பாலகுரு ஓட்டட்டும். ஒரு நாள் மதுரைக்குப் போயி கண்ணைக் காமிச்சுட்டு வாங்க. வயசாச்சுல்ல, அதுல ஒண்ணும் குத்தமில்ல."

ஊர்க்காவலன் அழுக்குத் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பாலகுரு தலையைக் குனிந்துகொண்டான். சந்தோஷத்தை மறைக்கத்தான், பாவம், ஆனால் வெட்கமும் இருந்தது. மெஷின்மேனைக் கட்டிங் பக்கம் அனுப்புவது என்றால் அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நிறம் பார்க்கிற வேலை போய், கோடு பார்த்து வெட்டுகிற வேலை.

வேல்விழி மாடிப்படியில் கால் வைத்தபோது அவர் அவளைக் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை.

"பாப்பா, நெசமாவே உனக்குத் தெரியலையா?"

"இல்லைண்ணே."

"ரெண்டு தடவை கழுவிட்டேன். மை படர்ந்தா தாள் பூரா படரணும். ஓரத்து வெள்ளை வெள்ளையாத்தான் இருக்கு. பழத்துல மட்டும் எப்படி வரும்?" அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "எனக்குத்தான் மஞ்சள் மாறித் தெரியுதோ என்னவோ. எங்க அப்பாவுக்கும் இந்த வயசுலதான் கண்ணு போச்சு."

அவள் மாடிக்குப் போய் உட்கார்ந்தாள். வேறு லேபிள் வேலை காத்திருந்தது. கை அதைத் திறக்கவில்லை. வெள்ளை வெள்ளையாக இருக்கிறது, பழத்தில் மட்டும் எப்படி வரும். நியாயமான கேள்வி. கண் போன மனுஷனுக்கு இப்படியொரு கேள்வி வருமா?

சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான் லேபிளைத் திறந்தாள். மவுஸை நகர்த்திக் கறுப்பு எழுத்தின் மேல் வைத்தாள். திரை மூலையில் ஒரு சின்னப் பெட்டி, எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே எந்த மை எவ்வளவு என்று சொல்லும். அவள் போட்டது கறுப்பு நூறு, மற்றதெல்லாம் பூஜ்யம். பெட்டியில் இருந்தது: நீலம் எழுபது, மெஜந்தா அறுபத்தேழு, மஞ்சள் அறுபத்துநாலு, கறுப்பு எழுபத்துநாலு.

அவளுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. திரையில் எழுத்து அதே கறுப்பாகத்தான் நின்றது. ஒரே மையால் ஆன கறுப்பு, நாலு மையால் ஆன கறுப்பாக மாறியிருக்கிறது, அவள் கண்ணுக்கு முன்னாலேயே, அவளுக்குச் சொல்லாமல்.

மவுஸைப் பழத்துக்கு நகர்த்தினாள். மஞ்சள் தொண்ணூற்றேழு. மெஜந்தா பூஜ்யம். நீலம் ஆறு.

ஆறு.

பஸ் ஏறிப் போன ஆள் அதே ஆளாகத் திரும்பவில்லை. மஞ்சள் மை வெளிச்சமாக மாறியபோதே, இது எந்த மையால் ஆனது என்ற விவரத்தைக் கம்ப்யூட்டர் விட்டுவிட்டது. அதன் மேல் மினுக்கம் ஏறியதில், பழம் திரையில் மட்டுமே காட்ட முடிகிற, கண் கூசும் மஞ்சளாகிவிட்டது. திரும்பி வரும்போது கம்ப்யூட்டர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, இதை மையில் செய்ய என்னென்ன வேண்டும் என்று புதிதாகக் கணக்குப் போட்டது. இவ்வளவு எலுமிச்சை வெளிச்சத்துக்குக் கொஞ்சம் நீலம் சேர்த்தால்தான் சரி என்று அதுவாக முடிவு செய்தது. கறுப்பையும் அப்படித்தான் நாலாகப் பிரித்தது. முன்பு பூஜ்யம் போட்டவள் இவள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

நீல பிலிமை உறையிலிருந்து உருவி, வெளிச்ச மேஜையில் விரித்து, லென்ஸை வைத்துக் கண்ணைப் பதித்தாள். பழம் இருக்க வேண்டிய இடம் சுத்தக் கண்ணாடியாக இருக்க வேண்டும். இல்லை. ஊசிமுனைப் புள்ளிகள், வரிசை வரிசையாக, ஒரே இடைவெளியில், நாற்று நட்ட மாதிரி. லென்ஸை எடுத்தால் ஒன்றுமில்லை, பிலிம் வெறும் பிலிம். லென்ஸை வைத்தால் வயல். எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள்.

நூறு பாகத்தில் ஆறு பாகம். மெஷினில் ஏறும்போது புள்ளி கொஞ்சம் பருக்கும், பத்து என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பத்தை அவள் கண் பார்க்கவில்லை, சொர்ணலட்சுமி கண் பார்க்கவில்லை, முப்பது வயசுப் பாலகுருவின் கண் பார்க்கவில்லை. ஓடுகிற மெஷினிலிருந்து தாளை உருவிய மனுஷன், லென்ஸ் இல்லாமல், வாசல்வரை நடந்து போய், பழத்துல நீலம் இருக்கும்மா என்று சொன்னார். பச்சையாக இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. நீலம் இருக்கிறது என்றார். எந்த மை என்று சொன்னார். வேல்விழிக்கு அந்த மனுஷனை நினைக்கவே பயமாக இருந்தது, கோயில் கருவறையை எட்டிப் பார்க்கும்போது வருமே, அந்த மாதிரி பயம்.

அப்புறம்தான் வேறு பயம் வந்தது. அவருடைய கண் சரி என்று சொல்ல வேண்டுமானால், தன் வேலை தப்பு என்று சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் பாலகுரு ஓட்டிவிடுவான், மாரிசாமிக்கும் தெரியப்போவதில்லை, பழம் கொஞ்சம் காயாகத் தீபாவளிக்குப் போய் வெடித்து முடிந்துவிடும். அவள் நாற்காலியைப் பார்த்தாள். தாயில்பட்டி வேனை நினைத்தாள். இவ்வளவுக்கும் கீழே அவர் தன் கண்ணைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்கிறார். அதை நினைத்ததும் பிலிமைச் சுருட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். யோசித்தால் இறங்கியிருக்க மாட்டாள்.

"அம்மா, பழத்துல நீலம் இருக்கு. மெஷின்ல இல்லை, என் பிலிம்ல. நான் சொன்னதுதான் தப்பு."

சொர்ணலட்சுமி லென்ஸில் பார்த்தாள். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தாள். நிமிர்ந்தபோது முகம் இறுகியிருந்தது.

"காலையில நெஞ்சை நிமித்திப் பூஜ்யம்னு சொன்னியே தாயி."

"பாக்காமச் சொல்லிட்டேன்மா. கலரை அங்கயும் இங்கயும் மாத்துனதுல உள்ள புகுந்திருச்சு."

"இப்ப பதினஞ்சாயிரம் தாளும் குப்பையா?"

"இல்லைம்மா." அவள் இதை இறங்கும்போதே யோசித்திருந்தாள். "முதல் ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. மஞ்சளையும் மெஜந்தாவையும் நான் தொடவே மாட்டேன், அது தாள்ல ஏறியாச்சு. நீலத்துல பழத்தையும் எழுத்தையும் மட்டும் சுத்தமா அழிச்சுருவேன். கறுப்புல எழுத்தை நூறு ஆக்கிருவேன். அடியில இருக்குற மஞ்சளும் மெஜந்தாவும் அந்தக் கறுப்புக்குள்ள மறைஞ்சுரும். ரெண்டு பிளேட்டு புதுசாப் போட்டா போதும். காலையில ஓடுன முந்நூறு தாள்தான் போச்சு."

சொர்ணலட்சுமி கணக்குப் பார்த்தாள். ஒரு நாள்தான் நஷ்டம். முகம் கொஞ்சம் இளகியது, ஆனால் வேறொன்றில் இறுகியது.

"சரி, தப்பு உன்னோடது. ஆனா நூத்துக்கு ஆறை வெறுங்கண்ணால பாத்தாருங்கிறதை நான் நம்பமாட்டேன். குருட்டாம்போக்குல பட்டிருக்கும். சீசன் பூராவும் அந்தக் கண்ணை நம்பி மெஷினை நிறுத்தச் சொல்லுதியா?"

ஊர்க்காவலன் மெஷின் பக்கத்தில் நின்று உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"சோதிச்சுப் பாத்துக்கோங்கம்மா. எனக்கும் தெரியணும்ல" என்றார்.

அப்படித்தான் அந்தச் சோதனை வந்தது. வழியை வேல்விழிதான் சொன்னாள். தாளின் ஓரத்தில், கட்டிங்கில் வெட்டி எறிகிற பகுதியில், மை சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்கென்றே முழு மஞ்சளில் ஐந்து கட்டம் முதல் ஓட்டத்திலேயே ஏறியிருந்தது. புது நீல பிளேட்டில் அந்த ஐந்து கட்டத்தின் மேலும் கொஞ்சம் கொஞ்சமாக நீலம் வைக்கலாம். எதில் எவ்வளவு என்று அவளுக்கு மட்டும் தெரியும். சொர்ணலட்சுமி ஒத்துக்கொண்டாள். எதில் கூடுதல், எதில் கம்மி, எதில் இல்லை என்று அஞ்சையும் சரியாகச் சொன்னால் மெஷின் அவருக்கு, ஒன்று தப்பினாலும் கட்டிங். உடைத்தே சொல்லிவிட்டாள்.

வேல்விழி மனசாட்சிப்படிதான் செய்தாள். சலுகை காட்டினால் அது அவருக்கே அவமானம். இடமிருந்து வரிசையாக நூற்றுக்கு மூன்று, பூஜ்யம், நாலு, ஒன்று, இரண்டு. ஒரு சீட்டில் எழுதி மடித்துச் சொர்ணலட்சுமியிடம் கொடுத்தாள். சாயங்காலமே பிலிமும் பிளேட்டும் தயாராகிவிட்டன.

சனிக்கிழமை காலை மாரிசாமி தன் பழத்தைப் பார்க்க வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "பழம் கேட்டா காயில்ல அடிக்கப் பாத்திருக்கீக" என்று சிரித்துவிட்டு, வேடிக்கை பார்க்க நாற்காலியை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

மெஷினை ஊர்க்காவலனே ஓட்டினார். மை நின்று நிதானத்துக்கு வர நூறு தாள் பிடித்தது. ஒன்றை உருவினார். வழக்கம்போல நடந்தார். மொத்த அச்சகமும் பின்னால் நடந்தது, பாலகுரு உட்பட. இன்று யாரும் பொண்ணு பார்ப்பதைப் பற்றிப் பேசவில்லை.

வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. அவர் முதலில் பழத்தைப் பார்த்தார். "பழம் பழமா ஆயிருச்சு" என்றார். அதற்குப் பிறகுதான் ஓரத்துக்கு வந்தார். வேல்விழி கட்டங்களைப் பார்த்தாள். ஐந்தும் மஞ்சள். எதில் எது என்று தெரிந்த அவளுக்கே ஐந்தும் ஒரே மஞ்சள்.

அவர் விரலை வைக்கவில்லை, தாளைத் தொட்டால் கறை படும் என்று. மோவாயால் காட்டினார்.

"மூணாவதுதான் கூடுதல். அதுக்கு அடுத்தது மொதக் கட்டம், ஒரு இழை கம்மி. கடைசில இருக்கு, லேசா. ரெண்டாவது சுத்தம்."

சொர்ணலட்சுமி சீட்டைப் பிரித்து வைத்திருந்தாள். அவள் உதடு எண்ணிக்கொண்டே வந்தது. நாலு, மூன்று, இரண்டு, பூஜ்யம். அவள் கை மெல்லத் தாழ்ந்தது. வேல்விழிக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு சரி.

"நாலாவது கட்டம்?" என்றாள் சொர்ணலட்சுமி.

ஊர்க்காவலன் தாளை வெயிலில் சாய்த்தார். நிமிர்த்தினார். கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

"அங்கன ஒண்ணும் இல்லைம்மா. அதுவும் சுத்தம்."

சொர்ணலட்சுமி சீட்டை அவரிடம் நீட்டினாள். நாலாவது கட்டத்துக்கு நேரே ஒன்று என்று வேல்விழியின் கையெழுத்து இருந்தது. அவர் அதைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், தலையாட்டினார். ஒத்துக்கொண்ட தலையாட்டல்.

"ஒண்ணைப் பாக்க முடியலை. அம்புட்டுத்தான் போல" என்றார்.

"நூத்துல ஒண்ணுய்யா! அதை எவன் பாப்பான்?" என்றார் மாரிசாமி, யாரும் கேட்காமலேயே.

ஆனால் சொர்ணலட்சுமி வாக்குச் சொன்னவள். பாலகுருவைத் திரும்பிப் பார்த்தாள். வேல்விழியோ தாளை வாங்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் கண் எங்கே நின்றது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. மனுஷக் கண்ணின் எல்லை எது என்று இந்தத் தாளில் தெரிகிறது, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். லென்ஸை நாலாவது கட்டத்தின் மேல் வைத்துக் குனிந்தாள்.

மஞ்சள். வெறும் மஞ்சள். லென்ஸை நகர்த்தினாள். கடைசிக் கட்டத்தில் நீலப் புள்ளிகள் வரிசையாக நின்றன, மெலிசாக. நாலாவதற்குத் திரும்பினாள். ஒரு புள்ளி இல்லை. மூலையிலிருந்து மூலைக்குத் தேடினாள். ஒரு புள்ளிகூட இல்லை.

எழுந்து மெஷினுக்கு ஓடினாள். பிளேட்டில் குனிந்து பார்த்தாள். அங்கும் இல்லை. அப்போதுதான் புரிந்தது. பிளேட் போடும்போது பிலிமின் ஓரக்கோடு விழாமல் இருக்க விளக்கைக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுவார்கள். அந்தக் கூடுதல் வெளிச்சம் மிகச் சின்னப் புள்ளிகளைச் சுற்றி வந்து தின்றுவிடும். பிலிமில் ஒன்று இருந்தது. பிளேட்டுக்கு வரும் முன்பே அது எரிந்து போயிருக்கிறது. தாளில் அது ஏறவே இல்லை.

திரும்பி வாசலுக்கு வந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, நீங்களே பாருங்க. அவுக சொன்னதுதான். அங்கன ஒண்ணுமே இல்லை."

சொர்ணலட்சுமி லென்ஸில் பார்த்தாள். மாரிசாமி பார்த்தார். பாலகுரு பார்த்தான், நிமிர்ந்தபோது ஊர்க்காவலனைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தான். இருந்ததை இருக்கிறது என்று சொன்னதற்கு மேலே, இருப்பதாக எல்லாரும் எழுதி வைத்திருந்த ஒன்றை இல்லை என்று சொல்லிவிட்டு நிற்கிறார் அந்த மனுஷன். தனக்குத் தெரியவில்லை என்று தன்னையே குறைத்துக்கொண்டு வேறு நிற்கிறார்.

சொர்ணலட்சுமி லென்ஸை வாங்கி வேல்விழியிடம் கொடுத்தாள்.

"பாலகுரு, நீ போயி தாள் போடு. மெஷினை அண்ணன் ஓட்டட்டும்" என்றாள். அப்புறம் வேல்விழியிடம் திரும்பினாள். "இனிமே இவுக பாத்துக் கையெழுத்துப் போடாம உன் பிலிம் பிளேட்டுக்குப் போகக் கூடாது. லோகோ மட்டும் மாறுதுன்னு எவன் வந்து சொன்னாலும் சரி."

"சரிம்மா."

ஊர்க்காவலனுக்கு இதெல்லாம் எவ்வளவு கேட்டதோ தெரியாது. அவர் ஏற்கெனவே உள்ளே நடந்துகொண்டிருந்தார், திங்கட்கிழமை லோடு ஏற வேண்டுமே. மெஷின் கிளம்பியது. வேல்விழி கீழே கிடந்த சீட்டை எடுத்து, சுவரில் வைத்து, நாலாவது கட்டத்துக்கு நேரே இருந்த ஒன்றை அடித்துவிட்டுப் பூஜ்யம் என்று எழுதினாள்.